இருக்கும் என்றொரு வயது

தமிழில் வயதைக் கெடுக்கிற சொல் ஒன்று உண்டு: "இருக்கும்." "மாமாவுக்கு அறுபத்தஞ்சு இருக்கும்." "அவளுக்கு முப்பது இருக்கும்." கணக்கெடுக்கப் போகிறவர் எண்ணை எழுதிக்கொள்வார். "இருக்கும்" வாசலிலேயே நின்றுவிடும். அதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. மக்கள்தொகைப் புள்ளிவிவரமே என் பிழைப்பு என்பதால், இந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடத்துப் பகை.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்குப் பிறந்த நட்சத்திரம்கூடத் தப்பாது. அங்கேயும் "எழுபது நடக்கறது" என்பார்கள். எழுபது முடிந்ததா, எழுபதாவது ஓடுகிறதா என்று இன்னொரு கேள்வி போட வேண்டும். எங்களுக்கு வேண்டியது முடிந்த வயது. இருந்தாலும் நகரத்துத் தாள்களில் பெரிய தொல்லை இல்லை. வித்துராவுக்கு மேலே மலையில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வந்த தாள்கள்தான் என் தலையைத் தின்றன. லயத்தில் ஐம்பது வயதுக்காரர்கள் ஏராளம், ஐம்பத்தைந்துக்காரர்கள் ஏராளம். ஐம்பத்தொன்றும் ஐம்பத்து நான்கும் ஊரைவிட்டே போனமாதிரி வெறிச்சென்று கிடந்தன.

இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. இருபத்து மூன்றிலிருந்து அறுபத்திரண்டு வரை உள்ளவர்களை எடுத்துக்கொண்டு, வயது பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். எல்லோரும் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருப்பார்கள். அதை நூறு என்று வைத்தால், அத்தனை பேரும் பூஜ்யம், ஐந்து என்றே சொன்னால் ஐந்நூறு. லயத்துக் கணக்கு நூறை விட்டு வெகுதூரம் போயிருந்தது. அந்தப் பகுதிக்குப் போன எங்கள் களப்பணியாளர், வித்துராக்காரப் பெண், கூப்பிட்டுக் கேட்டதும் மறைக்காமல் தன் மலையாளத் தமிழில் சொல்லிவிட்டாள்.

"ரேஷன் கார்டு நோக்கி எழுதினேன் மேடம். வயசு எத்தனைன்னு சோதிச்சா எல்லாரும் 'கார்டுல இருக்குல்லா'ன்னு சொல்லுவாங்க."

கார்டில் இருப்பது மட்டும் என்னவாம்? என்றோ ஒருநாள் யாரோ சொன்ன இன்னொரு "இருக்கும்"தான். எனக்குக் கோபம் வந்தது. அவளோடு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

லயத்தில் நாங்கள் முதலில் நின்ற வீட்டில் கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாள், தம்பி குடும்பத்தோடு இருந்தார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கார்டில் வயது ஐம்பத்தைந்து. நான் வயது என்று வாயெடுத்ததுமே அவர் முகம் மாறியது.

"அந்த அம்பத்தஞ்சுதான் என்னைக் கொல்லுது. முட்டு ரெண்டும் போச்சு, மலை ஏற முடியல. பென்சனுக்கு எழுதிப் போட்டேன். பஞ்சாயத்துல கார்டைப் பாத்துட்டு அறுபது ஆவட்டும்னு திருப்பிட்டாங்க."

"கார்டுக்கு வயசு யார் சொன்னது?"

"தம்பி பொண்டாட்டி. அண்ணிக்கு அம்பத்தஞ்சு இருக்கும்னா. எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

யாருடைய குற்றமும் இல்லை. தெரியாத வயதைக் கேட்டால் வாய் முழு எண்ணுக்குத்தான் போகும். அதுவும் அடுத்தவர் வயது என்றால் கேட்கவே வேண்டாம்.

வெளியே நின்ற ஜீப்பைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் கேட்டார். "இம்புட்டு தூரம் வந்திருக்கீங்களே, இந்தத் தப்பை நீங்க சரி பண்ணுவீங்கதான?"

சரிபண்ணுவோம் என்றேன். ஐம்பத்து மூன்றிலிருந்து ஐம்பத்தேழு வரை ஒரே கட்டாகக் கட்டினால், ஐம்பத்தைந்தில் குவிந்தவர்களும் அக்கம்பக்கத்து வயதுகளும் அதற்குள் அடங்கிவிடும். பிறகு முன்பின் கட்டுகளைப் பார்த்து, மேடு பள்ளம் இல்லாமல் ஒவ்வொரு வயதுக்கும் பிரித்துக் கொடுப்போம். இதையே கொஞ்சம் எளிதாக்கிச் சொன்னேன்.

"அப்போ என்னை எந்த வயசுல போடுவீங்க?"

"உங்களைன்னு தனியா போட மாட்டோம்மா. மொத்தக் கணக்கு சரியாகும். ஆர் எந்த வயசுன்னு அது சொல்லாது."

"நல்லா இருக்கே! ஊருக்கெல்லாம் சரியாவும், எனக்கு மட்டும் ஆவாதோ?"

வகுப்பெடுக்கும்போது நானே பெருமையாகச் சொல்கிற விஷயம்தான் இது. அந்த வாசலில் அவர் வாயால் கேட்க வெட்கமாக இருந்தது.

தனி ஆளுக்கு ஒரு வழி இருக்கிறது, மெதுவான வழி. தேதி தெரிந்த ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். தம்பி பள்ளிக்கூடம் போனவர். சான்றிதழ்படி அவருக்கு ஐம்பத்தேழு முடிந்திருந்தது; கார்டுக் கணக்கில் அக்காவே அவருக்கு இளையவர்! தம்பி பிறந்தபோது தொட்டில் ஆட்டியது இந்த அம்மாள்தான். இருவருக்கும் நடுவில் இன்னொரு பிள்ளை பிறந்து, நடை பழகிய பிறகு இறந்திருக்கிறது. எப்படிக் குறைத்தாலும் மூன்று வருட இடைவெளி.

"உங்க பிறந்த மாசம் என்ன?" என்று தம்பியைக் கேட்டேன்.

"மே," என்று சொல்லிச் சிரித்தார் அவர். "எங்க கிளாஸ்ல பாதிப்பேருக்கு மே தான். ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது முழு அஞ்சு வயசு திகையணும்லா, ஹெட்மாஸ்டர் போட்டுக் குடுத்தது. நான் சேந்தபோது நல்லா வளந்த பய."

களப்பணியாளர் பேனாவை மூடிவிட்டாள். பிடித்த கொம்பும் ஆடுகிறதே என்று அவளுக்கு. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பிந்திச் சேர்ந்த பிள்ளைக்கு வயதைக் குறைத்துத்தானே எழுதியிருப்பார்கள்! தம்பி ஐம்பத்தேழுக்கு மேலே இருக்கலாம், கீழே இருக்க முடியாது. அப்படியென்றால் அக்கா அறுபதுக்குக் குறையாது. "இருக்கும்" போய் "குறையாது" வந்துவிட்டது. மேலே ஓரிரு வருடம் தளர்வு வைத்து, எங்கள் தாளில் அறுபத்தொன்று என்று திருத்தினோம்.

பென்சனுக்குக் காட்ட அந்தத் தாளைக் கேட்டார் அம்மாள், கொடுக்க முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. கணக்கெடுப்பில் சொன்னது வெளியே போகக் கூடாது. போனாலும் அது சான்று ஆகாது. பள்ளிக்கூடம் போகாதவருக்கு அரசு டாக்டரின் வயதுச் சான்று உண்டு என்பது நினைவுக்கு வந்தது. மறுவாரம் லீவு போட்டுவிட்டு அந்த அம்மாளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வேலை இல்லைதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை வீட்டில் உட்கார விடவில்லை.

டாக்டர் சின்ன வயது மலையாளிப் பெண். வெளியே கூட்டம் நெரிந்தது. "அம்மைக்கு எத்ர வயஸாயி?" என்றார். நான் தம்பி, மே மாதம், தொட்டில் என்று ஆரம்பித்தேன். அவர் பாதி கேட்டார். பல்லைப் பார்த்தார், முட்டியை மடக்கி நீட்டினார், முகத்தை ஒருதரம் உற்றுப் பார்த்தார்.

"அறுபது காணும்," என்று எழுதிவிட்டார்.

காணும்! எங்கள் "இருக்கும்" மலையாளத்தில் சேலை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. காணும் இல்லை டாக்டர், குறையாது என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அந்த அம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். சான்றை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

சீல் வைத்த காகிதத்தை முந்தானையில் மடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் அவர் கேட்டார். "இந்த வருசமே மறுபடி கணக்கெடுக்க வந்து வயசு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"அறுபதுன்னு சொல்லுங்க."

"உங்க தாள்ல அறுபத்தொண்ணுல்லா போட்டீங்க?"

"அதை மறந்துடுங்க. ஆர் கேட்டாலும் அறுபதுதான். சான்றுல இருக்கறதை மாத்திப் பேசாதீங்க."

"அறுபது இருக்கும்னு சொல்லவா?"

"வேண்டாம்மா. அறுபது. அவ்வளவுதான்."

அவர் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார். அடுத்த கணக்கெடுப்பில் அறுபதில் ஒரு குவியல் நிற்கும். அதைக் கலைக்க எனக்குச் சம்பளம் கொடுப்பார்கள். அதில் ஒருவரை நானேதான் கைபிடித்துக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.