பலகையில் 278, பெட்டியில் 233

கொட்டகலையில் பத்துத் தையல் மெசின்களோடு நடக்கும் அந்தக் கடையில் பிரியந்திதான் சுப்பவைசர். ஒன்பது வருடம் கொழும்புப் பக்கத்துக் கார்மென்ட் தொழிற்சாலையில் இருந்துவிட்டு வந்தவள். அங்கிருந்து அவள் கொண்டுவந்தவை இரண்டு. மணிக்கு எத்தனை சட்டை முடிந்தது என்று பலகையில் எழுதும் வழக்கம் ஒன்று. அவசர வேலை வந்தால் கடைசி ஆளாய்த்தான் வீட்டுக்குப் போவேன் என்கிற வீம்பு மற்றது. முதலாவதால் கடைக்கு லாபம். இரண்டாவதை யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் போட்டிக்கு அறுநூற்று முப்பது காலர் சட்டை. சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு எடுக்க வருவார்கள். பிந்தினால் அடுத்த பள்ளித் தவணையின் சீருடை வேலை வேறு கடைக்குப் போய்விடும். பிறகு பத்து மெசினும் தூசி துடைக்கத்தான் ஆகும். பிரியந்தி திங்கட்கிழமையே சொல்லிவிட்டாள், "இந்த வாரம் ஒம்பது மணி வரைக்கும் இருப்போங்க."

முதலாளி ஜெயகாந்தன் பூரித்துப்போய் எல்லாருக்கும் சாப்பிட ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். ஐந்து மணிக்குப் பையைத் தூக்கியவள் ஒருத்திதான். வட்டகொடை பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லாத நிலக்ஷி. சட்டைகளைச் சோதித்துப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. "மகாராணி புறப்பட்டுட்டாங்க" என்று பிரியந்தி இரண்டு நாளும் வழியனுப்பி வைத்தாள்.

புதன் காலை மகாராணி பலகையின் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, போர்டுல எரநூத்தி எழுவத்தெட்டு போட்டிருக்கீங்க. பொட்டியில எரநூத்தி முப்பத்திமூணுதான் இருக்கு."

"நல்லா எண்ணுனியா?"

"ரெண்டு தடவ எண்ணிட்டேங்க."

பிரியந்தி மூன்றாவது தடவை எண்ணினாள். பெட்டி சொன்னதையே சொன்னது. பிறகுதான் மண்டையில் உறைத்தது. திங்களன்று தைத்ததில் இருபது சட்டை காலர் கோணி, தையல் விட்டு, ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, திரும்பியிருந்தன. செவ்வாயன்று அவற்றைப் பிரித்துத் தைத்து, முடிந்த கணக்கில் மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். எழுதியது வேறு யாருமில்லை, அவளேதான். செவ்வாய் தைத்ததில் இருபத்தைந்து இன்னும் ஆல்டர் கூடையில் கிடந்தன.

பலகையை ஒழுங்காகப் படித்தாள். திங்கள் மாலை ஐந்துக்குப் பிறகு மணிக்கு மணி பன்னிரண்டு, பதினொன்று, எட்டு, ஐந்து. செவ்வாய் பத்து, எட்டு, ஐந்து, மூன்று. பத்துப் பேர் ஒரு மணி நேரம் குனிந்திருந்து மூன்று சட்டை! போதாததற்கு, இரவில் கெடுத்ததைப் பகலில் பிரிக்கப் பகல் நேரமும் போயிருந்தது. வழக்கம்போல் எட்டு மணி நேரம் வேலை செய்தால் ஒரு நாளைக்கு நூற்றுப் பன்னிரண்டு. இரண்டு நாளைக்கு இருநூற்று இருபத்துநான்கு. ஆக, எட்டு மணி நேரக் கூடுதல் உழைப்பு ஈட்டித் தந்தது ஒன்பது சட்டை.

கூடையைக் கொட்டி ஆல்டர் சட்டைகளின் உள்பக்கத்து நம்பரைப் பார்த்தாள். ஒவ்வொரு காலரிலும் தைத்தவரின் நம்பர் இருக்கும். இருபத்தைந்தில் பதினொன்று ஒன்றாம் நம்பர். மாலையானதும் தானும் ஒரு மெசினில் உட்கார்ந்து எல்லாருக்கும் முன்மாதிரி காட்டிய சுப்பவைசர் அம்மாவின் நம்பர். நிலக்ஷி வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செய்தி கேட்டு ஜெயகாந்தன் பதறினார். "அப்ப பதினொரு மணி வரைக்கும் இருப்போம்."

"வேணாங்க சார். இன்னிக்கி அஞ்சு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு. நாளைக்கும் நாளான்னைக்கும் ஆறு மணி வரைக்கும் மட்டும். ஆறு வரைக்கும் தைக்கிறது சட்டை. அதுக்கு மேல தைக்கிறது நிலக்ஷிக்கு வேல."

"முடியலேன்னா?"

"பள்ளிக்கூடத்துக்கு நானே போயி சொல்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு ஐந்து மணிக்குப் பையைத் தூக்கக் கை கூசியது. நிலக்ஷியோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். வழியில் இரண்டு பேருமே மகாராணி பேச்சை எடுக்கவில்லை.

புதன் தொண்ணூற்றேழு, கூடையில் கிடந்ததையும் சரிசெய்து. எல்லாரும் நன்றாகத் தூங்கி வந்ததும் வியாழன் நூற்று இருபத்துநான்கு, வெள்ளியும் அதே. இம்முறை ஆல்டர் போக மீந்ததைத்தான் பலகையில் எழுதினார்கள். சனிக்கிழமை பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில் அறுநூற்று முப்பதாவது சட்டை பெட்டிக்குள் போனது.

வேனை அனுப்பிவிட்டு வந்த ஜெயகாந்தன் நேரே அவளிடம் வந்தார். "பிரியந்தி, நீங்க மட்டும் இல்லாட்டி இது முடிஞ்சிருக்காது."

பிரியந்தி ஒன்றாம் நம்பர் மெசினின் உறையை இழுத்து மூடினாள்.

"நா இல்லாட்டி, சார், செவ்வாய்க்கெழமையே பதினொரு சட்டை கூட இருந்திருக்கும்."