தைப்பூசத்தன்று வந்த விதி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படித்தேன். அன்றன்று படித்த ரயில் இயக்க விதியின் பெயரைத் தினசரிக் காலண்டரில் மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் தாள்களில் எழுதிவிடுவேன். அந்தத் தாள் வரும் காலையில் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து அதே கணக்கு.

ஒற்றைப் பாதையில் ரயில் போக அனுமதியாக ஓட்டுநரிடம் தரும் டோக்கன் தொலைந்தால் என்ன செய்வது என்ற விதிக்குப் பதினைந்தாம் நாள், தைப்பூசம். பத்துமலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் பார்க்காமலே தாளைக் கிழித்தேன்.

"சொல்லிப் பார்க்கவே இல்லையே நீங்க?" என்றாள் மனைவி.

"தெரிஞ்சதை எத்தனை தடவை சொல்றது? உன் வேலையைப் பாரு!" என்று எரிந்து விழுந்தேன்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. விதியில் முதல் வரிக்கு மேல் நகரவில்லை. அவளிடம் கத்தியது மட்டும் ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது.