கெளுத்தி முள்ளும் கடைசி மாத்திரையும்

ஏரியில வலை இழுக்கும்போது எங்க வூட்டுக்காரருக்குக் கெளுத்தி மீன் முள்ளு வலது கை ஆள்காட்டி விரல்ல குத்திச்சு. மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைச்சுப் போட்டுக்கிட்டு ரெண்டு நாள் சும்மா இருந்தாரு. விரல் வீங்கி மடங்காம போனப்பறம்தான் திங்கக்கெழம காலையில பழவேற்காட்டு டாக்டரம்மா கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஊசி போட்டாங்க. "இன்னும் விட்டிருந்தா விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும். பத்து நாளைக்கு காலையில ஒண்ணு, நைட்டு ஒண்ணு. கடைசி மாத்திரையும் போட்டுட்டு என்கிட்ட காட்டினப்பறம்தான் ஏரித் தண்ணியில கை வைக்கணும்"னாங்க.

மருந்துக்கடையில இருபது மாத்திரை வாங்கினோம். சாப்பிட்டுட்டுப் போடணும்னு, அன்னிக்கு நைட்டு கஞ்சி குடிச்சப்பறம் முதல் மாத்திரையைப் போட்டாரு.

அதுலேர்ந்து ஆரம்பிச்சுது என் தலைவலி. ஏன்னா அடுத்த வாரம் வியாழக்கெழம விடிகாலையில எங்க பாடு. ஏரியில நல்ல எடத்துல வலை போட ஒவ்வொரு வூட்டுக்கும் முறை வரும், அதைத்தான் பாடுனு சொல்லுவோம். விட்டா மறுபடி எப்ப வரும்னு காத்துக் கெடக்கணும்.

புதன்கெழம மத்தியானம் அட்டையில ரெண்டு மாத்திரை பாக்கி. மனுஷன் விரலை நீட்டி எண்ணிக் காட்டுறாரு.

"திங்கள் ஒண்ணு, செவ்வாய் ரெண்டு... இந்தப் புதன் பத்து. இன்னியோட முடிஞ்சுதுடி. நைட்டு ரெண்டையும் சேர்த்துப் போட்டுட்டு விடியக்காலம் கெளம்புறேன்."

"திங்கள் காலையில மாத்திரை போட்டியா நீ?"

"ஊசி போட்டாங்கல்ல. அது இன்னா, தண்ணியா?"

பக்கத்துல நண்டு ஆய்ஞ்சிக்கிட்டு இருந்த நாத்தனாரு அண்ணனுக்கு ஒத்து ஊதினா. "காரியத்துக்கு நாள் எண்ணும்போது செத்த நாளையும் சேர்த்துதானே அண்ணி எண்ணுவோம்? ராத்திரி செத்தாலும் அது முதல் நாளு."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உசுரோட இருக்குற ஆளுக்கு எழவுக் கணக்கு போடுறாளே.

மருந்துக்கடைக்குப் போன் போட்டு, அவரு காதுலயும் விழட்டும்னு ஸ்பீக்கர்ல வெச்சேன். "ஊசி வேற, மாத்திரை வேறம்மா. முதல் மாத்திரை திங்கள் நைட்டு போட்டிருந்தா, இருபதாவது வியாழன் காலையிலதான் வரும். ரெண்டை ஒண்ணா போடக்கூடாது. அதது நேரத்துக்குப் போகணும்"னாரு கடைக்காரரு.

"அவனுக்கு இன்னா, கடையில குந்தினு சொல்லுவான். பாடு போனா அவனா தருவான்?" அப்படியும் அசையல. இந்த ஆளு கிட்ட செவுத்துல முட்டிக்கிறதே மேல்.

அப்பறம்தான் அவருக்குப் புரியுற பாஷையில கேட்டேன். "யோவ், நம்ம பாடு எப்பலேர்ந்து கணக்கு? கரையில வந்து நின்னதுலேர்ந்தா, வலை தண்ணியில எறங்கினதுலேர்ந்தா?"

"வலை எறங்கினதுலேர்ந்துதான். இது தெரியாதா?"

"பொழுது சாய வலை எறக்கினவனை, 'நீ காலையிலயே கரைக்கு வந்துட்ட, உன் நேரம் போச்சு'னு எவனாச்சும் எழுப்பினா வுடுவியா?"

"எவன் எழுப்புவான்?"

"ஊசி நீ கரைக்கு வந்தது. மாத்திரை தொண்டையில எறங்கினதுதான் வலை எறங்கினது."

சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனாரு. வெள்ளிக்கெழம பாடு இருக்குறவரு கிட்ட முறையை மாத்திக் கேக்கத்தான் போயிருக்காருனு பின்னாலயே போனேன். அங்க மீன் ஏலக்கூடத்துல நாலு பேரு, இவரு வூட்டுல போட்ட அதே கணக்கைப் போடுறாங்க. "ஊசி போட்ட நாளு முதல் நாளுப்பா, இன்னியோட முடிஞ்சுது, நாளைக்கு வா." இவரு இடுப்புல கை வெச்சிக்கிட்டு, "வலை எப்ப எறங்குச்சுனு பாருங்கடா"னு என் வார்த்தையை ஒரு எழுத்து மாத்தாம அவங்களுக்குப் பாடம் எடுக்குறாரு. என் பக்கம் திரும்பக்கூட இல்ல. ஒரு வழியா வெள்ளிக்கெழமக்காரரு எங்க வியாழனை எடுத்துக்கிட்டு அவரு முறையை எங்களுக்குக் கொடுத்தாரு.

வியாழன் காலையில இட்லி தின்னுட்டு கடைசி மாத்திரையைப் போட்டாரு. டாக்டரம்மா விரலை அமுக்கிப் பாத்தாங்க, மடக்கச் சொன்னாங்க, தண்ணியில எறங்கலாம்னாங்க. நாங்க வர்ற வழியில, எங்க முறையில போனவரு கூடை கூடையா இறாலை எறக்கிக்கிட்டு இருந்தாரு. கொழுத்த வெள்ளை இறாலு.

வெள்ளிக்கெழம இவரு போனாரு. கூடையோட அடியில ஒரு கை அளவு பொடி மீனு.

"உன் ஒத்த மாத்திரையால வந்த கேடு"னு கத்தினாரு. கூடையை ரெண்டு கையாலயும் தூக்கி வாசல்ல எறிஞ்சாரு.

நான் கூடையைப் பாக்கல. அதோட பிடியை விட்ட வலது கையைப் பாத்தேன். ஆள்காட்டி விரல் மத்த நாலோட சேர்ந்து மடங்கி விரிஞ்சுது. அந்த விரலைக் காப்பாத்தினவ மேலயே கத்துறாரேனு எரிச்சல் தாங்கல எனக்கு. போய் மீனைப் பொறுக்கிக் கொழம்பு வெச்சேன்.