பிசிறு எடுத்த கை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வாகனங்களுக்கான ரப்பர் வளையங்கள் செய்யும் ஆலையில் நான் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அச்சிலிருந்து வரும் வளையத்தின் ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். வளையத்தை இழுத்துப் பிடித்து, பிளேடை அடியோடு ஒட்டவைத்து, பிசிறுக்கு எதிராக ஓட்ட வேண்டும். பிறகு விரலால் தடவிப் பார்த்து, நெருடினால் மறுபடியும் ஓட்ட வேண்டும். அந்த வேலையில் என் கை பேர் பெற்றிருந்தது. அதனால்தான், முடிந்த வளையங்களைச் சோதித்து பாஸ், ரிஜெக்ட் சீல் குத்தும் பரிசோதனை மேசைக்கு, திங்கட்கிழமையிலிருந்து என்னை ஒரு வாரம் பழகிப் பார்க்கச் சொன்னார்கள். பிடித்துப்போனால் அந்த இடம் எனக்கே. இல்லையென்றால் வரிசையில் அடுத்தவளுக்கு. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை என்பதே அதன் பெருமை.

வெள்ளிக்கிழமை மாலை, புதிய இடத்துக்குச் சுத்தமாகப் போக வேண்டும் என்ற நினைப்பில், விடுதிக் குளியலறையில் அந்தரங்க முடியை மழித்தேன். குளியலறைச் சன்னலில் பல வாரங்களாக ஈரத்தில் கிடந்த என் ரேசர்தான். சோப்பு நுரை போட்டு, தோலை இழுத்துப் பிடித்து, முடிக்கு எதிராக ஓட்டி, விரலால் தடவி, நெருடிய இடத்தில் மறுபடியும் ஓட்டினேன். ஆலையில்கூட அவ்வளவு நேர்த்தியாகச் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொடை இடுக்கில் நான்கைந்து சிவந்த கட்டிகள். ஒன்று கோலிக்குண்டு அளவு. வேறு சிலவற்றில் தோலுக்கு அடியில் முடி சுருண்டு கிடப்பது தெரிந்தது. உட்கார்ந்தால் உயிர் போயிற்று. என் அறைத்தோழி எளாவூர்க்காரி, என்னைவிட மூத்தவள். நான் கால் அகட்டி நடப்பதைப் பார்த்து, "இன்னாடி, வாத்து மாதிரி போய்க்கினு இருக்க?" என்றாள். விஷயம் தெரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஊசியைச் சூடு காட்டிக் குத்திவிடலாம் என்று யோசனை சொன்னாள். எனக்கும் ஆசைதான். சுருண்ட முடியை நெம்பியெடுக்கக் கை துறுதுறுத்தது. ஊசி கிடைக்காதது என் அதிர்ஷ்டம்.

திங்கள் காலை மேசைக்குப் போகுமுன் ஆலையின் முதலுதவி அறைக்குள் நுழைந்தேன். பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்துபோகும் நர்சம்மா அங்கே இருந்தார். கேவலமான நோய் ஏதாவது வந்துவிட்டதா என்று மென்று விழுங்கிக் கேட்டேன். அவர் கதவைத் தாழிட்டு, திரையை இழுத்து, கையுறை போட்டுப் பார்த்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்தார். பிறகு, எந்தப் பிரிவில் வேலை என்று கேட்டார். பிசிறு எடுக்கிறேன் என்றேன்.

"எப்படி எடுப்ப, செஞ்சு காட்டு."

வெறுங்கையால் செய்து காட்டினேன். இழுத்துப் பிடித்து, எதிராக ஓட்டி, தடவி, மறுபடியும் ஓட்டி.

"அதையே ஊட்டுலயும் பண்ணிக்கினு வந்துருக்க. அது ரப்பரும்மா, இது தோலு. ரப்பர்ல பிசிறு திரும்ப வளராது."

நானே சிரித்துவிட்டேன். இழுத்துப் பிடித்து வெட்டிய முடி தோலுக்குள் பதுங்கி, வளரும்போது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே வளைந்துவிடுகிறது. பழைய பிளேடின் கீறலில் கிருமியும் சேர்ந்தால் கட்டி என்று விளக்கினார். பிதுக்கக் கூடாது, குத்தக் கூடாது, நெம்பக் கூடாது. சுத்தமான துணியைப் பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் நனைத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, பத்து நிமிடமாவது ஒத்தடம். தளர்ந்த பருத்தி உள்ளாடை. ஆறும்வரை ரேசரைத் தொடக்கூடாது. இரண்டு மூன்று நாளில் வலி குறையாவிட்டாலோ, கட்டி பெருத்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

எல்லாம் சரி, இன்றைக்கு எப்படி உட்காருவது என்றேன். மேசையை இழந்துவிடுவேனோ என்ற கவலை எனக்கு. நர்சம்மா ஒரு சீட்டில், மூன்று நாள் நின்றபடி வேலை செய்யலாம் என்று எழுதினார். காரணம் எழுதவில்லை. மேற்பார்வையாளர் வாங்கிப் படித்து, என்னையும் நாற்காலியையும் பார்த்தார். இரண்டு காலிப் பெட்டிகளை மேசைமேல் அடுக்கி, நான் நின்று பார்க்கும் உயரத்துக்கு அதன்மேல் விளக்கைத் தூக்கி வைத்தார்.

விடுதியில் எளாவூர்க்காரி வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். வாத்துக்குத் தண்ணீர் ரெடி என்று கூப்பிடுவாள். புதன்கிழமை பெரிய கட்டி தானாகவே உடைந்தது. கழுவி, சுத்தமான கட்டுத்துணி வைத்தேன். மற்றவை வற்றின. வியாழக்கிழமை நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை முழுதாக உட்கார்ந்தேன்.

நன்றி சொல்லப் போனபோது, அந்த முடி அழுக்கில்லை, எடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை என்றார் நர்சம்மா. தொந்தரவாக இருந்தால் சின்னக் கத்தரியால் குட்டையாக வெட்டினால் போதும். மழிக்கத்தான் வேண்டும் என்றால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஜெல் தடவி, யாரோடும் பங்குபோடாத புது ரேசரால், இழுக்காமல், அழுத்தாமல், முடி வளரும் திசையிலேயே.

"கொஞ்சம் நெருடினா நெருடட்டும். அங்க யாரும் பாஸ், ரிஜெக்ட் சீல் குத்தப் போறதில்ல."

மேசை எனக்கே கிடைத்தது. அன்று மாலை குளியலறைச் சன்னலிலிருந்த ரேசரைக் குப்பையில் போடுவதற்காகக் காகிதத்தில் சுற்றினேன். எளாவூர்க்காரி, தன்னுடைய ரேசரையும் அதிலேயே சேர்த்துச் சுற்றச் சொல்லி நீட்டினாள்.