வியாழக்கிழமை வரை தவணை

சிவகாசியில் நான் மெஷின்மேனாக இருந்த அச்சகத்தில் ஒரே ஒரு டெலிபோன். அது முதலாளியின் மேஜை மேல் இருந்தது. வேறு கம்பெனிக்குப் போகிற விஷயத்தை அவர் மூக்குக்கு முன்னால் நின்று பேச முடியுமா? கடிதம் எழுதலாம் என்றால், போய்ச் சேருவதற்குள் மை சார் அடுத்த ஊருக்குக் கிளம்பியிருப்பார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் தங்கியிருந்த லாட்ஜைத் தேடி விருதுநகருக்கு பஸ் ஏறினேன்.

மை சார் என்பது நாங்கள் வைத்த பெயர். அச்சு மை விற்கும் மெட்ராஸ் கம்பெனியின் ஆள் அவர். ஊர் மதுரை. மாதம் ஒரு தடவை வருவார். இங்கிருந்து கோயமுத்தூர் வரை எந்த அச்சகத்தில் எந்த மெஷின் ஓடுகிறது, எந்த மெஷின்மேனுக்கும் எந்த முதலாளிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புது மெஷின் வாங்குகிற முதலாளிகள் அவரிடம்தான், “நல்ல ஆள் ஒருத்தர் பார்த்துக் குடுங்க” என்பார்கள். ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு அவர் காலணா வாங்கியதில்லை. நல்ல ஆள் கிடைத்த முதலாளி பிறகு மையை யாரிடம் வாங்குவார்? அதுதான் அவருடைய கமிஷன்.

எனக்கு அவர் கொண்டுவந்த இடம் கோயமுத்தூரில். ஜெர்மனியிலிருந்து இரண்டு கலர் ஆப்செட் மெஷின் வந்து துறைமுகத்தில் இறங்கிவிட்டது. பூட்டிக் கொடுக்க என்ஜினீயர் வரப்போகிறார். முதல் போல்ட்டு முடுக்குகிற நாளிலிருந்து பக்கத்தில் நிற்க ஒரு மெஷின்மேன் வேண்டும். அப்படி நிற்கிறவன்தான் அந்த மெஷினைக் கற்றுக்கொள்வான், பிறகு வருகிறவனெல்லாம் பித்தானை அமுக்குகிறவன்தான்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. எட்டு வருஷமாக ஒற்றைக் கலர் மெஷினில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு காலண்டர் படத்துக்கு நாலு கலர் என்றால் அதே தாளை நாலு தடவை ஓட்ட வேண்டும். மஞ்சள் ஓட்டி அடுக்கி வைத்துவிட்டு மறுநாள் சிவப்பு ஓட்டுவதற்குள் ராத்திரி ஒரு மழை பெய்தால் போதும், தாள் ஈரம் குடித்து நீண்டுவிடும். அம்மனின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். திட்டு எனக்கு. இரண்டு கலரை ஒரே ஓட்டத்தில் அடிக்கிற மெஷினை வெறும் படத்தில் மட்டும் பார்த்திருந்தேன். சம்பளமும் அங்கே கூடுதல்தான், அது வேண்டாமென்று சொல்ல நான் சாமியார் இல்லை. ஆனால் ஆசை அந்த மெஷின் மேல்தான். “எங்க அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு முடிவு சொல்றேன்” என்று மை சாரிடம் சொல்லியிருந்தேன்.

அண்ணாச்சி என்று நாங்கள் கூப்பிட்டது முதலாளியைத்தான். சனிக்கிழமை சாயங்காலம் அவர் முன்னால் போய் நின்றேன். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“ஏலே, இங்கன உனக்கு என்ன குறை?”

“குறைன்னு இல்ல அண்ணாச்சி. ரெண்டு கலர் மெஷின் ஓட்டிப் படிக்கணும்.”

“அம்புட்டுத்தானே? தை மாசம் நமக்கும் ரெண்டு கலர் மெஷின் வருது. நீதான் அதுக்கு போர்மேன். சம்பளம் அவுக எம்புட்டுத் தாராகளோ அதுல பத்து ரூபா குறைச்சு நான் தாரேன். சொந்த ஊருல இருக்கதுக்கு அந்தப் பத்து ரூபா சரியாப் போகும். யோசிச்சுச் சொல்லு.”

நான் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தேன். பொண்டாட்டியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் போட்டாள். அவள் பேசாமல் இருந்தால் ஏதோ யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

மறுநாள் லாட்ஜில் மை சார் பனியனோடு உட்கார்ந்து, விரலில் ஏறிய நீல மையை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், வாசற்படியிலேயே போட்டு உடைத்தேன்.

“சார், எங்க அண்ணாச்சி என்னையப் போக வேண்டாம்னு சொல்லுறாக. சம்பளம் கூட்டித் தாராக. அங்கயும் ரெண்டு கலர் மெஷின் வருதாம், நான்தான் போர்மேனாம். எனக்கு யோசிக்க நாலு நாள் வேணும்.”

மை சாரின் முகம் மாறியது, ஆனால் நான் நாள் கேட்டதற்காக இல்லை. “என்னையச் சொல்லிட்டீங்களா?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் அண்ணாச்சி மாதாமாதம் அவரிடம்தான் மை வாங்குகிறார். வாங்குகிற வீட்டிலேயே ஆளைக் கிளப்புகிறார் என்று தெரிந்தால் ஆர்டர் போய்விடும்.

“உங்களையும் சொல்லல, கோயமுத்தூரையும் சொல்லல.”

மூச்சு விட்டார். உள்ளே கூப்பிட்டுக் கட்டிலில் உட்கார வைத்தார். காப்பி வரவழைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். “உள்ளதைச் சொல்லுங்க. கோயமுத்தூர்ல இன்னும் கூட்டிக் கேக்கத்தான் நாள் கேக்கிறீங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கூட்டிக் கேக்கணும்னா நேராக் கேட்டிருப்பேன். இதுக்குன்னு பஸ்சுக்குக் காசு குடுத்து வரமாட்டேன்.”

“கோவிக்காதீங்க. நான் அங்க பேசணும்ல, அதுக்குத்தான் கேட்டேன். சரி, அவர் சொன்னதை எழுத்துல குடுத்தாரா?”

“எங்க அண்ணாச்சி வாக்கு குடுத்தா எழுத்து எதுக்கு?”

“வாக்கு சரி. மெஷின்?” என்றார். நான் காப்பியைக் குடித்தேன். அவரும் தோண்டவில்லை. “நாலு நாள்னா என்னைக்கு? கிழமையைச் சொல்லுங்க. யோசிக்கிறேன், யோசிக்கிறேன்னு சொன்னா அங்க வேற ஆள் பாத்துருவாங்க.”

“வியாழக்கிழமை சாயங்காலம்.”

“நாள் தாரேன்னு நானாச் சொல்ல முடியாது. அவங்களைக் கேக்கணும்.” லாட்ஜ் மேனேஜர் மேஜையில் இருந்த போனில் கோயமுத்தூருக்கு டிரங்க் கால் பதிவு செய்தார். அன்றைக்கு லைன் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிச் சொன்னார். ஊரெல்லாம் ஆளையும் மெஷினையும் ஜோடி சேர்க்கிற மனுஷனுக்குச் சொந்த மகளுக்கு ஒரு ஜாதகம் பொருந்தவில்லையே என்று நான் சொல்ல, இருமி இருமிச் சிரித்தார்.

லைன் கிடைத்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். “இல்லைங்க, விலை ஏத்துறதுக்கு இல்லை. அவங்க முதலாளி நிறுத்தி வைக்கப் பாக்குறார். பையன் மறைக்காம நேர்ல வந்து சொல்றான். வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க… ஆமாங்க, என்ஜினீயர் திங்கக்கிழமைதான வர்றார்… இல்லைன்னா நான் வேற ஆள் தாரேன், என் பொறுப்பு.” நான் யாரோ எவனோ. அந்த மனுஷன் எனக்காகத் தன் பேரை அடகு வைத்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, “வியாழக்கிழமை ஆறு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் இல்லை. நானும் அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதுதான் பொண்டாட்டி வாயைத் திறந்தாள். அவள் அப்பா விருதுநகரில் ஒரு எண்ணெய் மில்லில் கணக்குப்பிள்ளை.

“உங்க அண்ணாச்சி சொன்ன மெஷினுக்கு லைசென்சு வந்துருச்சாமா?”

“என்ன லைசென்சு?”

“வெளிநாட்டு மெஷின்னா டெல்லிலருந்து லைசென்சு வரணும்ல. எங்க அப்பா மில்லுல ஒரு மெஷினுக்கு எழுதிப் போட்டு ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டு இருக்காக. லைசென்சு கையில இல்லாமத் தை மாசம்னு எப்படிச் சொன்னாக? கேட்டீகளா?”

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். முதலாளியிடம் போய், காகிதத்தைக் காட்டு என்று வேலைக்காரன் கேட்பதா? எங்கள் ஊரில் லட்ச ரூபாய் சரக்கு வாய் வார்த்தையில் கைமாறும். இவர்தான் என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக் கொடுத்தவர், காய்ச்சலில் நான் கிடந்தபோது வீட்டுக்கு வந்து பார்த்தவர். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்தக் கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு மெஷினில் நின்றேன். புதன்கிழமை பச்சை ஓட வேண்டிய இடத்தில் நீலத்தை ஓட்டி நூறு தாளைப் பாழாக்கினேன். வீட்டில் அவள், “கேக்கலைன்னா நான் வந்து கேக்கட்டுமா?” என்றாள். செய்யக்கூடியவள்தான்.

வியாழக்கிழமை காலை போய் நின்றேன். “அண்ணாச்சி, தப்பா நினைக்கக் கூடாது. அந்த மெஷினுக்கு லைசென்சு வந்துருச்சா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த லேபிள் கட்டு ஒன்றைத் தட்டித் தட்டி நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

“வரலைலே.”

கட்டைத் தள்ளி வைத்தார். “எழுதிப் போட்டிருக்கேன். தை மாசம் வரலாம். அடுத்த தையும் ஆகலாம். காலண்டர் சீசன்ல நீ போயிட்டா நான் கை ஒடிஞ்ச மாதிரி நிக்கணும். அந்த பயத்துல சொல்லிட்டேன். சம்பளம் சொன்னது நிசம். மெஷின் என் கையில இல்ல.”

பிறகு அவரே கேட்டார்.

“அங்க மெஷின் வந்துருச்சா?”

“துறைமுகத்துல இறங்கிருச்சு.”

“அப்பப் போ. போயி நல்லாப் படி. இங்க லைசென்சு வந்தா எனக்கும் ஆள் வேணும். அந்த மை சாருகிட்டயே சொல்லி உன்னையக் கிளப்பிட்டு வரச் சொல்லுதேன்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னலே முழிக்க? மாசம் ஒரு தடவை வாரவரு இந்த மாசம் மூணு தடவ வந்தாரு. மூணு தடவையும் உன் மெஷின் பக்கத்துலதான் நின்னாரு. அவ்வளவு மையா நான் வாங்குதேன்? பயப்பட வேண்டாம்னு சொல்லு, ஆர்டர் போகாது.”

ஐந்து மணிக்கெல்லாம் விருதுநகரில் இருந்தேன். மை சார் லாட்ஜ் வாசலிலேயே நின்றார். “வாரேன் சார்” என்றேன். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேனேஜரிடம் டிரங்க் கால் சொல்லிவிட்டுத் திரும்பி, “முதலாளி என்ன சொன்னார்?” என்று கேட்டார்.

“மெஷினுக்கு லைசென்சு வரல, அது எப்ப வரும்னு தெரியலன்னு சொன்னாக.”

“நீங்க கேட்டதும் சொல்லிட்டாரா?”

“ஆமா சார்.”

“வந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க நின்னிருப்பீங்கல்ல?”

“நின்னிருப்பேன்.”

“அது அவருக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

பதினைந்து நாளாக என்னைக் கிளப்பப் பாடுபட்ட மனுஷன், “அப்படிப்பட்டவரை விட்டுட்டா வர்றீங்க?” என்று கேட்டார். உள்ளே போன் மணி அடித்தது. அவர் பேசப் போய்விட்டார். நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, அழுதேன்.