சீட்டக்கா எடுத்துப்போன ஒற்றைப் பை

எங்கள் ஆய்வு அலுவலகத்தில் பதிவேடு பார்த்தவளை எல்லோரும் சீட்டக்கா என்போம். பன்னிரண்டு பிரசவ மருத்துவமனைகளின் பெயர்களை டப்பாவில் போட்டு, எல்லோர் முன்னாலும் சீட்டு எடுத்தவள் அவள்தான். பிரசவத்துக்குப் பின் போகும் ரத்தத்தைக் கோடு போட்ட பையில் அளந்து, கோட்டைத் தொட்டதும் மருந்து, டிரிப், வயிற்றை அழுத்தித் தேய்ப்பது எல்லாவற்றையும் உடனே தொடங்கும் புது முறையைச் சோதிப்பதுதான் எங்கள் ஆய்வு. பயிற்சி கொடுக்க ஆள் குறைவு. அதனால் இரண்டு மாதத்துக்கு இரண்டு மருத்துவமனை, சீட்டு விழுந்த வரிசையில். பலன் எவ்வளவு என்று அப்போது யாருக்கும் உறுதியில்லை. முறை வராத இடங்களிலும் வழக்கமான கவனிப்போடு கணக்கு எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

"எங்களை மட்டும் ஏன் காக்க வைக்கிறீங்க?" என்று சண்டைக்கு வரும் மருத்துவமனைக்காரர்களிடம், "சீட்டுக்குச் சொந்தபந்தம் தெரியாதுங்க. கடைசியில எல்லாருக்கும் வரும்" என்பாள். நன்றாகத்தான் பேசுவாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! அவள் தங்கை பிரசவத்துக்குப் பதிந்திருந்த மருத்துவமனை கடைசிச் சீட்டு. முதல் பிரசவத்திலேயே ரத்தம் போய்ப் பிழைத்தவள் அந்தத் தங்கை. சீட்டக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆய்வை நடத்தும் பெரிய டாக்டரிடம் போய் நின்றாள்.

"வரிசையை மாத்துங்க சார்."

"மாத்தலாம்மா. யாரைப் பின்னாடி தள்ளறதுன்னு நீயே சொல்லு."

அவள் திரும்பி வந்துவிட்டாள்.

தங்கைக்குத் தேதிக்கு முன்பே வலி வந்தது. முறை தொடங்கிய மருத்துவமனைக்கு நான்கு மணி நேரம். சீட்டக்கா கிடங்கைத் திறந்து ஒரு பையைத் துணிக்குள் மறைத்து எடுத்துப் போனாள். பிரசவ அறையில் நர்ஸ் திட்டிக்கொண்டே அதை விரித்தாள். குழந்தை பிறந்தது. ரத்தம் ஏறி ஏறிக் கோட்டைத் தொட்டது. அடுத்து என்ன என்று அங்கே யாருக்கும் பழக்கமில்லை. ஒன்று செய்து பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்வதுதான் அவர்கள் வழக்கம்.

"எல்லாத்தையும் சேர்த்து ஆரம்பிங்கம்மா! இப்பவே!" பல மாதம் பயிற்சித் தாள்களை அடுக்கிய பழக்கத்தில் சீட்டக்கா கத்தினாள். ஆரம்பித்தார்கள். ரத்தம் நின்று, மயங்கிக் கிடந்த தங்கை கண் திறந்தாள்.

பக்கத்துப் படுக்கையில் முக்கிக்கொண்டிருந்த பெண் இதையெல்லாம் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, எனக்கும் அந்தப் பை போடுவீங்கல்ல?"

அந்தப் பெண்ணுக்குப் பை இல்லாமலே பிரசவமானது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளை வார்டுக்கு மாற்றும்வரை சீட்டக்கா அந்தப் படுக்கையை விட்டு நகரவில்லையாம்.

மறுநாள் விதிமீறல் படிவத்தை அவளே எழுதிக்கொண்டு வந்தாள். எனக்கு அவள்மேல் கோபம். அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்பதால் கூடுதல் கோபம். டாக்டர் படித்துவிட்டு, அந்த மருத்துவமனை கணக்கில் காத்திருக்கும் இடமாகவே இருக்கட்டும், நடந்ததைக் குறித்து வைப்போம் என்றார். பிறகு கேட்டார்.

"கிடங்குல நானூறு பை இருந்துச்சு. எத்தனை எடுத்துட்டுப் போனே?"

"ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டு, வாய்விட்டு அழுதாள்.