பூவாயியைத் தேடிய வியாழக்கிழமை

நாகவள்ளி மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. 2008-இல் குவைத் அப்பாசியாவில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். என்னுடையது அரபிப் படிவங்கள் தட்டச்சு செய்யும் வேலை, அவளுடையது தமிழ்.

அங்கிருந்த தமிழ்ச் சங்கம் ஒன்று தன் முப்பது வருட ஆண்டறிக்கைகளைக் கணினியில் ஏற்றித் தரச் சொல்லியிருந்தது. பக்கத்தைப் படமெடுத்தால் ஒரு மென்பொருள் எழுத்துகளைப் படிக்கும். பழைய அச்சில் அது தடுமாறி, ‘கடல்’ என்பதைச் ‘சுடல்’ என்று படித்துவிடும். அதனால் ஒவ்வொரு சொல்லையும் பெரிய சொற்பட்டியல் ஒன்றோடு ஒப்பிடுவார்கள். பட்டியலில் இல்லாதது ‘தெரியாத சொல்’. அதற்கு நெருக்கமான சொல்லை மென்பொருளே எடுத்துக் கொடுக்கும்.

வில்லங்கம் அங்கேதான். மனிதர்களின் பெயர்கள் பட்டியலில் இருக்காது. அரிய சொற்களும் இருக்காது. நாடகச் சாமான் கணக்கில், எச்சில் துப்பும் பாத்திரமான ‘பித்தளைப் படிக்கம்’ என்பதைப் ‘பித்தளைப் படிக்கும்’ என்று மாற்றச் சொன்னது அது. நாகவள்ளி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்ப்பாள். பிழையென்றால் திருத்துவாள். சரியான பெயரென்றால், இனி யாரும் தொடாதபடி தனிப் பட்டியலில் சேர்ப்பாள். ஒரு நாளைக்கு முந்நூறு சொல் நகர்ந்தால் அதிகம்.

மிச்சம் ஆறாயிரம் இருந்தது. தெரியாத சொல் பூஜ்ஜியம் என்று காட்டினால்தான் சங்கம் கையெழுத்துப் போடும் என்பது ஒப்பந்தம். கையெழுத்து விழுந்தால்தான் லீவு என்றார் மேலாளர் ரகுநாதன். அவளுடைய பாஸ்போர்ட் அவருடைய இரும்பு அலமாரியில் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை நாமக்கல்லில் அவள் மகள் சம்யுக்தாவுக்குக் காதில் ஆபரேஷன். ஆறு வயது. அம்மா வந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டரை வருஷமாக அவள் அம்மாவைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை ரகுநாதன் அவள் மேசைக்கு வந்தார்.

“எல்லாத்தையும் மாத்துன்னு ஒரு பட்டன் இருக்குல்ல? அமுக்கு, ஃகலாஸ், முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை ஃபிளைட்டு. யாரும்மா இதெல்லாம் படிக்கப் போறாங்க?”

“சார், பேரெல்லாம் போயிருமுங்க.”

“அப்ப உக்காந்து பாத்துக்கிட்டே இரு. விசா குடுத்த கஃபீல் கேட்டா வேலை முடியலைன்னு சொல்லிடறேன்.”

அவள் அசல் கோப்பை வேறொரு வட்டில் பிரதி எடுத்து வைத்துவிட்டு அந்தப் பட்டனை அமுக்கினாள். தெரியாத சொல் பூஜ்ஜியம். அன்று மாலையே வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்று மகளிடம் போனில் சொல்லிவிட்டு, அவளுக்குக் கையில் சிவப்புப் பெட்டி வைத்த ஒரு பொம்மை வாங்கினாள். நானும் கூடப் போனேன்.

வியாழக்கிழமை சங்கச் செயலாளர் சதக்கத்துல்லா வந்தார். முப்பது வருஷமாகக் குவைத்தில் இருக்கும் மனிதர். பூஜ்ஜியத்தைப் பார்த்து மகிழ்ந்தார். ரகுநாதன் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ஒரே ஒரு பேரு தேடிப் பாக்குறேன்” என்ற சதக்கத்துல்லா, ஒற்றை விரலால் ‘பூவாயி’ என்று தட்டினார். வீட்டு வேலைக்கு வந்து இங்கேயே இறந்துபோனவள். அவள் சவப்பெட்டியை விமானத்தில் ஏற்றிவிட்டவரே அவர்தான். அவளுடைய மகன் இப்போது கடிதம் எழுதியிருக்கிறானாம், அம்மாவைப் பற்றிச் சங்கத்தில் ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று.

இல்லை என்றது கணினி. மறுபடியும் தட்டினார். இல்லை.

“அஞ்சலிப் பக்கத்துல போட்டோம்னு நெனச்சேன். விட்டுப்போச்சு போலருக்கு. எனக்கும் வயசாயிருச்சு, எதைப் போட்டோம், எதை விட்டோம்னு ஒண்ணும் நெனவில்லை” என்று பேனாவை எடுத்தார்.

நான் நாகவள்ளியின் காலை மிதித்தேன். பேசாதேடி என்றுதான் மிதித்தேன். அவள் எழுந்தே விட்டாள்.

“ஐயா, நீங்க மறக்கலீங்க. பேரு இருந்துச்சுங்க. நாந்தான் மாத்திப்புட்டேன்.”

அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். ‘பணிப்பெண் பூவாகி’ என்று இருந்தது. பட்டியலில் இருந்த சொல் அது. பக்கத்தின் படத்தில் பூவாயி என்றே தெளிவாக இருந்தது. அசல் பிரதி தன்னிடம் பத்திரமாக இருப்பதையும் அவளே சொன்னாள்.

பெரியவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “நிதானமா சரி பண்ணிக் குடு தாயி, அவசரமில்லை” என்றார். பாவம், அவள் ஊருக்குப் போக நின்றது அவருக்குத் தெரியாது. அவர் படியிறங்குமுன் ரகுநாதன் அலமாரியைப் பூட்டிவிட்டார்.

நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பெற்ற பிள்ளையைவிடச் செத்துப்போனவளின் பெயர் பெரிதா என்று அன்று அறையில் கத்தினேன். அவள் பொம்மையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

திங்கட்கிழமை காலை ஊரிலிருந்து போன் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்களாம். ஆபரேஷனுக்கு உள்ளே போவதற்குமுன் அது போனில் பேசியது எனக்கே கேட்டது: “பொய் சொல்லிட்ட.”

“ஆமாஞ்சாமி, பொய் சொல்லிட்டேன்” என்றாள் நாகவள்ளி. அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அசல் கோப்பைத் திறந்தாள். பெயர்ப் பட்டியலில் அன்று முதலாவதாகப் பூவாயியைச் சேர்த்தாள். இன்னும் ஆறாயிரம் இருந்தது.